நான்கு பாலிப்புகள், மூன்று டப்பாக்கள்

ஒரு வியாழக்கிழமை மாலை, வடசென்னையில் நான் பணிபுரியும் மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையிலிருந்து ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. வியாசர்பாடியைச் சேர்ந்த 54 வயதுக்காரர் ஒருவருக்கு மலத்தோடு இரத்தம் போகிறது என்பதற்காகக் காலையில் கொலனோஸ்கோபி, அதாவது நுனியில் கேமரா உள்ள குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யப்பட்டிருந்தது. செய்தவர் என் மூத்த சக மருத்துவர். பிற்பகல் இரயிலில் வெளியூர் கிளம்பிவிட்டார். அறிக்கையை வரைந்து வைப்பது என் பொறுப்பு, திரும்பி வந்ததும் சரிபார்த்துக் கையொப்பமிடுவது அவர் பொறுப்பு. தாளில் இருந்தது இவ்வளவுதான். ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருந்ததை நாங்கள் பேசிக்கொள்ளும் மொழியிலேயே தருகிறேன்.

"ப்ரெப் ஓகே. சீக்கம் வரை போயாச்சு. ஏசெண்டிங்கில் 2 சிறிய பாலிப், எடுத்தாச்சு. 50 செ.மீ.யில் பெரிய பாலிப், ஸ்னேர். சிக்மாய்டில் 1 பாலிப், பயாப்ஸி. மூலம் கிரேடு 1. எச்பிஇ பார்த்து ரிவ்யூ."

ப்ரெப் என்பது குடலைச் சுத்தம் செய்தது. சீக்கம் பெருங்குடலின் தொடக்க முனை, ஏசெண்டிங் ஏறு பெருங்குடல், சிக்மாய்டு மலக்குடலுக்குச் சற்று முன்னுள்ள வளைந்த பகுதி. பாலிப் குடற்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, ஸ்னேர் அதை அறுத்தெடுக்கும் கம்பி வளையம், எச்பிஇ திசுச் சோதனை முடிவு.

இதை எழுதியவர் அலட்சியக்காரர் அல்லர். ஒரு காலைப் பொழுதில் ஒன்பது பேருக்கு ஸ்கோப் செய்துவிட்டு, கையுறையைக் கழற்றிய கையோடு எழுதும் எவருடைய குறிப்பும் இப்படித்தான் இருக்கும். அவர் பார்த்ததெல்லாம் அவர் மனத்தில் தெளிவாக இருந்ததால் தாளில் குறைவாக எழுதினால் போதுமென்று தோன்றியிருக்கும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து இந்த நோயாளி வேறொரு மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் கோப்பை நீட்டும்போது, அந்த மனம் அங்கே இருக்காது, தாள் மட்டுமே இருக்கும்.

இத்தகைய குறிப்பை அறிக்கையாக மாற்றும்போது நான் மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. கடைசி வரியான "ரிவ்யூ" என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன். அடுத்த கொலனோஸ்கோபி எப்போது என்பதற்கு விடை சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டால், அறிக்கையில் எந்தெந்தக் கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். பெருங்குடல் முழுவதும் பார்க்கப்பட்டதா, பார்க்கும் அளவுக்குச் சுத்தமாக இருந்ததா, எத்தனை பாலிப், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, முழுவதும் அகற்றப்பட்டதா, திசு என்ன வகை என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால் கால இடைவெளியைச் சொல்லிவிடலாம். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் நாம் சொல்லும் ஆண்டுக்கணக்கு ஊகமாகிவிடும்.

முதல் இரண்டை விரைவாகவே முடித்துவிடலாம். "ஓகே" என்ற சொல்லை அளக்க முடியாது. ஆகவே பாஸ்டன் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். பெருங்குடலை வலது, குறுக்கு, இடது என மூன்றாகப் பிரித்து, நீர் பாய்ச்சி உறிஞ்சிய பிறகு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவது அதன் முறை. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 பெற்றிருந்தால்தான் பரிசோதனை போதுமானது. சேமிக்கப்பட்ட படங்களைப் பார்த்து வலதுக்கு 2, குறுக்குக்கு 3, இடதுக்கு 2 என்று என்னால் குறிக்க முடிந்தது. ஸ்கோப் செய்தவர் தொலைபேசியில் அதை ஒப்புக்கொண்டார். ஏதேனும் ஒரு பகுதி 1 பெற்றிருந்தால் பாலிப்புகளின் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஓராண்டுக்குள் மீண்டும் செய்ய வேண்டும் என்று எழுத வேண்டியிருக்கும். சீக்கம் வரை சென்றதற்குச் சான்று, குடல்வால் துளையும் சிறுகுடல் வால்வும் தெரியும் படங்கள். இரண்டும் இருந்தன, நேர முத்திரை 11:42.

இடம் என்ற கட்டத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

"50 செ.மீ." என்பது ஓர் இடத்தின் பெயரன்று. ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஸ்கோப் உள்ளே இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உள்ளே போகும்போது சிக்மாய்டு பகுதியில் ஸ்கோப் வளையம் போட்டுக்கொள்ளும். குழாய் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும், நுனி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நிலையில் 70 என்று காட்டினாலும் நுனி இடது பக்கத்தைத் தாண்டாமல் இருக்கலாம். சீக்கத்தைத் தொட்டு, வளையத்தை நீக்கி, ஸ்கோப்பை நேராக்கிய பிறகு வெளியே இழுத்து வரும்போது காட்டும் எண்தான் ஓரளவு பயன்படும். நேராக்கிய ஸ்கோப்பில் சீக்கம் ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ.யிலும் மண்ணீரல் வளைவு ஏறத்தாழ 50 செ.மீ.யிலும் வரும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். மலக்குடலுக்குள் இருக்கும் புண்ணுக்கோ கட்டிக்கோ மட்டும் சென்டிமீட்டர் கணக்கு இன்றியமையாதது. அங்கே குடல் நிலையாக இருக்கிறது, அறுவை மருத்துவரின் முடிவுகளும் அந்த எண்ணைச் சார்ந்திருக்கின்றன.

செவிலியரின் பதிவேட்டைப் புரட்டியபோது அதில் அந்தப் பெரிய பாலிப்புக்கு நேரே முதலில் 70 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 50 என்று எழுதியிருந்தது. அடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு பெரிய பாலிப்புகள் என்று நான் எழுதியிருக்கவும் கூடும். படங்களைத் திரும்பப் பார்த்தேன். 11:33க்கு ஒரு படம், அதாவது சீக்கத்தை எட்டும் முன். 11:51க்கு இன்னொன்று, வெளியே வரும்போது. இரண்டிலும் காம்போடு தொங்கும், மேற்பரப்பு மூன்று மடலாகப் பிளந்த அதே தலை. உள்ளே போகும்போது பார்த்து, திரும்பி வரும்போது அகற்றியிருக்கிறார். இடையிலிருந்த 20 செ.மீ. முழுவதும் சிக்மாய்டின் வளையம் விழுங்கிய நீளம். 11:51 படத்துக்குச் சற்று முந்தைய படத்தில் குறுக்குப் பெருங்குடலுக்கே உரிய முக்கோண வடிவ உட்குழி தெரிகிறது; பிந்தைய படத்தில் அது வட்டமாகிவிட்டது. ஆகவே "மண்ணீரல் வளைவை ஒட்டி, இறங்கு பெருங்குடலின் மேற்பகுதி, ஸ்கோப் வெளிவரும்போது 50 செ.மீ." என்று எழுதினேன். இடத்தின் பெயர் முன்னால், எண் பின்னால், எண் எந்த நிலையில் அளந்தது என்பது அதோடு சேர்த்து.

இதில் நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்மணி எங்களிடம் அறுவைக்கு வந்தார். அறிக்கையில் "60 செ.மீ.யில் கட்டி, பயாப்ஸி எடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. கட்டி சிறியது, தட்டையானது. லேப்ராஸ்கோபியில் அறுவை மருத்துவரால் குடலைக் கையால் தடவிப் பார்க்க முடியாது. வலது பக்கம் என்று எண்ணித் தொடங்கியவர் அங்கே எதையும் காணாமல், அறுவை மேசையிலேயே என்னை அழைத்துக் கொலனோஸ்கோபி செய்யச் சொன்னார். கட்டி சிக்மாய்டில் இருந்தது. மயக்கத்தில் அந்த அம்மா கூடுதலாகக் கழித்த நேரத்துக்கு அந்த ஒற்றை எண்தான் காரணம். அறுவைக்குப் போகக்கூடும் என்று தோன்றும் எந்தக் கட்டிக்கும் அருகில், அதிலிருந்து சில சென்டிமீட்டர் ஆசனவாய்ப் பக்கமாகக் குடற்சுவரில் மை ஊசி போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். மை போட்டுவிட்டு எழுதாமல் விட்டால், கட்டி கறைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது தெரியாமல் அறுவை மருத்துவர் மறுபடியும் தடுமாறுவார். நம் நோயாளிக்கு மை தேவைப்படவில்லை. போடவில்லை என்பதையும் ஒரு வரியில் குறித்தேன்.

அடுத்தது விவரணை. "சிறிய", "பெரிய" என்ற சொற்களை எழுதியவரைத் தவிர வேறெவராலும் அளவாக மாற்ற முடியாது. கால இடைவெளியைப் பொறுத்தவரை 10 மி.மீ. என்பது ஒரு வரப்பு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறொரு கணக்கு. கண்ணால் மதிப்பிடும்போது ஸ்கோப்பின் அகலக்கோண வில்லை ஏமாற்றும், கை தானாக 5, 10 போன்ற முழு எண்களை நோக்கிப் போகும். ஆகவே அருகில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்கும் படத்தைத் தேட வேண்டும். பதிவேட்டில் செவிலியர் ஒட்டியிருந்த ஸ்னேர் உறையின் சீட்டில் 15 மி.மீ. என்றிருந்தது. விரிந்த ஸ்னேர் பாலிப்பின் தலையைச் சுற்றி நிற்கும் படம் ஒன்றும் இருந்தது. தலைக்கும் கம்பிக்கும் இடையே சிறிது இடம் தெரிகிறது. நான் என் ஊகத்தைச் சொல்லாமல் தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். "பன்னெண்டு போடுங்க, அதுக்குக் கம்மி இல்ல" என்றார். இந்த வரிசையும் முக்கியம் என்று நினைக்கிறேன்: நான் முதலில் எண்ணைச் சொல்லியிருந்தால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும், அது அவருடைய அளவாக இருக்காது.

வடிவத்துக்கு 2002இல் பாரிஸில் கூடிய நிபுணர்கள் வகுத்த பெயர்களைப் பயன்படுத்துகிறோம். காம்போடு தொங்குவது Ip, காம்பின்றி மேடாக அமர்ந்திருப்பது Is, தட்டையாகச் சற்றே உயர்ந்திருப்பது IIa. பின்னிரண்டையும் பிரிப்பதற்கு மூடிய பயாப்ஸி இடுக்கியின் உயரமான 2.5 மி.மீ.யை அளவாகக் கொள்கிறோம். அதைவிட உயர்ந்தால் Is. பெரிய பாலிப் Ip என்பதில் ஐயமில்லை. ஏறு பெருங்குடலில் இருந்தவை ஒன்று 4, மற்றொன்று 6 மி.மீ., இரண்டும் Is. சிக்மாய்டில் இருந்தது 3 மி.மீ., அதுவும் Is. இந்த மூன்று அளவுகளும் அவர் நினைவிலிருந்து அன்று மாலையே சொன்னவை; ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

இனி "பயாப்ஸி". எங்கள் துறையில் மிக அதிகமாகக் குழப்பம் விளைவிக்கும் சொல் இதுதான் என்பது என் எண்ணம். ஒரு கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கும் பயாப்ஸி, ஒரு சிறு பாலிப்பை இடுக்கியால் முழுவதுமாகப் பிடுங்கியதும் பயாப்ஸி, அகற்றிய பாலிப்பைச் சோதனைக்கு அனுப்புவதும் பேச்சு வழக்கில் பயாப்ஸிதான். முதல் வகையில் நோய் உள்ளேயே இருக்கிறது, மீண்டும் உள்ளே போக வேண்டும். இரண்டாம் வகையில் வேலை முடிந்துவிட்டது. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் நான் அறிக்கையில் அந்தச் சொல்லைத் தனியே விடுவதேயில்லை. "மாதிரி மட்டும் எடுக்கப்பட்டது, பாலிப் உள்ளே இருக்கிறது" அல்லது "முழுவதும் அகற்றப்பட்டது" என்று இரண்டில் ஒன்றைக் கட்டாயம் எழுதுவேன். சிக்மாய்டு பாலிப்பை ஒரே கிள்ளலில் முழுவதும் எடுத்ததாக அவர் சொன்னார். 3 மி.மீ. வரை இடுக்கியால் எடுப்பது ஏற்கத்தக்கதே. அதற்கு மேற்பட்ட சிறு பாலிப்புகளுக்கு மின்சாரம் பாய்ச்சாத குளிர் ஸ்னேர்தான் முறை, ஏறு பெருங்குடலில் அதைத்தான் பயன்படுத்தியிருந்தார். பெரியது மின் ஸ்னேரால் ஒரே துண்டாக அகற்றப்பட்டது. ஒரே துண்டா, பல துண்டுகளா என்பதையும் விடக்கூடாது. 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால், எஞ்சியது ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று ஆறு மாதத்தில் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும்.

அகற்றியது கைக்குக் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. சிறிய பாலிப்புகள் உறிஞ்சு குழாய் வழியாக, அவற்றைப் பிடித்துவைக்கும் சிறு கலத்துக்கு வர வேண்டும். சில சமயம் நீரோடு தொலைந்துவிடும். நான்கு பாலிப் அகற்றப்பட்டன, ஆனால் பதிவேட்டில் ஃபார்மலின் டப்பாக்கள் மூன்றுதான். ஒன்று தொலைந்ததோ என்று எண்ணிச் செவிலியரைக் கேட்டேன்.

"தொலையல டாக்டர். அந்த ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே இருந்துச்சு, அதனால ஒரே டப்பாவுல போட்டுட்டோம். ரெண்டு துண்டு வந்ததை நானே பார்த்தேன்."

"எழுதியிருக்கீங்களா சிஸ்டர்?"

"டப்பாவுல ஏசெண்டிங்னு எழுதியிருக்கேன். ரெண்டுன்னு எழுதல."

டப்பாவுக்குத் தனியாகப் பணம் என்பதால் நோயாளிக்குச் செலவு குறையட்டும் என்று இப்படிச் செய்வது வழக்கம்தான். ஒவ்வொரு டப்பாவும் தனியே பதியப்பட்டு, தனியே கட்டணமிடப்படுகிறது. தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் விளைவு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மறுநாள் காலை நோய்க்குறியியல் மருத்துவரிடம் பேசி, முதல் டப்பாவில் இரண்டு தனி பாலிப்புகள் என்று சொன்னேன்.

"ரெண்டு துண்டு இருக்கு. ஆனா ரெண்டு பாலிப்பா, ஒரே பாலிப் ரெண்டா உடைஞ்சதான்னு ஸ்லைடை வச்சு என்னால உறுதியா சொல்ல முடியாது. நீங்க அனுப்பின சீட்டுல எண்ணிக்கையும் இல்ல" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திசு முடிவு வந்தது. முதல் டப்பாவின் இரண்டு துண்டுகளும் குறைந்த தர மாற்றமுள்ள குழாய்வகை அடினோமா. அடினோமா என்பது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை. இரண்டாம் டப்பாவில் இருந்த பெரிய பாலிப் குழாயும் விரல்போன்ற நீட்சிகளும் கலந்த அடினோமா, குறைந்த தர மாற்றம், வெட்டு விளிம்பு தூய்மையாக இருக்கிறது. ஆய்வகத்தில் அளந்தபோது 10 மி.மீ. ஃபார்மலினில் திசு சுருங்கும் என்பதால் இந்த வேறுபாடு வியப்பன்று. நாங்கள் ஸ்கோப்பில் அளந்ததையே கணக்குக்கு எடுத்துக்கொண்டு, ஆய்வக அளவையும் பக்கத்தில் குறிக்கிறோம். மூன்றாம் டப்பா ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். சிக்மாய்டில் இருக்கும் இத்தகைய சிறு பாலிப் அடினோமா கணக்கில் சேராது. அதனால்தான் "நான்கு பாலிப்" என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாரும் இடைவெளியைச் சொல்லக்கூடாது.

இப்போது கணக்கு. 2020இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்த பணிக்குழுவின் பரிந்துரையின்படி, 10 மி.மீ.க்குக் குறைந்த குழாய்வகை அடினோமா ஒன்றோ இரண்டோ இருந்தால் 7 முதல் 10 ஆண்டுகள். மூன்றோ நான்கோ இருந்தால் 3 முதல் 5 ஆண்டுகள். ஏதேனும் ஒன்று 10 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் 3 ஆண்டுகள். அதே ஆண்டில் வந்த ஐரோப்பியப் பரிந்துரையும் 10 மி.மீ. வரப்பைத் தாண்டியவருக்கு 3 ஆண்டுகள் என்றே சொல்கிறது. நம் நோயாளியின் பெரிய பாலிப் 12 மி.மீ. ஆகவே எந்தப் பரிந்துரையை எடுத்துக்கொண்டாலும் 3 ஆண்டுகள். முதல் டப்பாவில் இருந்தது ஒரு அடினோமாவா இரண்டா என்ற ஐயம் இம்முறை முடிவை மாற்றவில்லை.

ஆனால் இதே ஆளுக்கு நடுவில் இருந்த பாலிப் 8 மி.மீ. கொண்ட சாதாரணக் குழாய்வகை அடினோமாவாக இருந்திருந்தால் என்று வைத்துப் பாருங்கள். முதல் டப்பாவில் ஒன்று என்றால் மொத்தம் இரண்டு, அமெரிக்கக் கணக்கில் 7 முதல் 10 ஆண்டுகள். அந்த டப்பாவில் இரண்டு என்றால் மொத்தம் மூன்று, 3 முதல் 5 ஆண்டுகள். ஒரு டப்பாவின் செலவை மிச்சம் பிடித்ததற்கு ஈடாக ஒரு வேண்டாத கொலனோஸ்கோபியோ, தேவையான ஒன்றில் சில ஆண்டுத் தாமதமோ வந்து சேரும். இன்னும் மோசமான நிலை ஒன்றும் உண்டு. கலந்த டப்பாவில் ஒரு துண்டில் புற்று மாற்றம் தெரிந்தால் எந்த இடத்துக்குத் திரும்பிப் போவது என்பதே தெரியாது. இரண்டு பாலிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பது அப்போது ஆறுதலாக இருக்காது. அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு ஏற்பாடு செய்தோம். செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் டப்பாவைச் சேர்க்கலாம், ஆனால் எத்தனை பாலிப், ஒவ்வொன்றின் அளவு என்ன என்பது டப்பாவின் சீட்டிலும் பதிவேட்டிலும் ஒரே சொற்களில் இருக்க வேண்டும். 6 மி.மீ.க்கு மேற்பட்டதைச் சேர்க்கவே கூடாது.

ஸ்கோப் செய்த அன்றே எழுதும் அறிக்கையில் இடைவெளியை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், நான் அதை இரண்டு கட்டமாக எழுதுகிறேன். முதல் நாள் "திசு முடிவுக்குப் பின் உறுதி செய்யப்படும், இப்போதைய மதிப்பீடு 3 ஆண்டுகள்" என்று மட்டும். முடிவு வந்ததும் பழையதை அழிக்காமல், தேதியிட்ட பின்னிணைப்பாக இறுதி இடைவெளி. பழையதைத் திருத்தி எழுதினால் கோப்பில் ஒரு தேதியும் கணினியில் வேறொரு அறிக்கையும் இருக்கும் நிலை வரும். பிறகு எது முந்தியது என்று யாராலும் சொல்ல இயலாது.

சக மருத்துவர் திரும்பி வந்து கையொப்பமிட்ட வடிவம், எங்கள் ஆங்கில அறிக்கையின் பொருளைத் தமிழில் தருவதென்றால், இப்படி இருந்தது.

காரணம்: மலத்தோடு இரத்தம், நான்கு மாதங்களாக.

சென்ற எல்லை: சீக்கம், குடல்வால் துளை, சிறுகுடல் வால்வு ஆகியவற்றின் படங்கள் உண்டு. சுத்தம்: பாஸ்டன் 2, 3, 2, மொத்தம் 7.

பாலிப் 1, 2: ஏறு பெருங்குடல், 4 மி.மீ., 6 மி.மீ.; இரண்டும் Is; குளிர் ஸ்னேரால் முழுவதும் அகற்றப்பட்டன; இரண்டும் கிடைத்தன; இரண்டும் டப்பா அ. திசு முடிவைத் தனித்தனிப் பாலிப்போடு இணைக்க இயலாது.

பாலிப் 3: மண்ணீரல் வளைவை ஒட்டி, இறங்கு பெருங்குடலின் மேற்பகுதி, வெளிவரும்போது 50 செ.மீ.; 12 மி.மீ. (15 மி.மீ. ஸ்னேரோடு ஒப்பிட்டு); Ip; மின் ஸ்னேரால் ஒரே துண்டாக முழுவதும் அகற்றப்பட்டது; கிடைத்தது; டப்பா ஆ. மை போடப்படவில்லை.

பாலிப் 4: சிக்மாய்டு, தூரம் பதியப்படவில்லை, 3 மி.மீ.; Is; இடுக்கியால் முழுவதும் அகற்றப்பட்டது; கிடைத்தது; டப்பா இ.

பிற: உள்மூலம், முதல் நிலை.

பின்னிணைப்பு, திசு முடிவுக்குப் பின்: அ, குழாய்வகை அடினோமா, ஆ, குழாய்-விரல்வகை அடினோமா, விளிம்பு தூய்மை, ஆய்வக அளவு 10 மி.மீ.; இ, ஹைப்பர்பிளாஸ்டிக். அடுத்த கொலனோஸ்கோபி 3 ஆண்டில். காரணம்: 10 மி.மீ.யைத் தாண்டிய அடினோமா.

"தூரம் பதியப்படவில்லை" என்ற சொற்களை அங்கே விடுவதற்கு எனக்குச் சற்று மனத்திடம் தேவைப்பட்டது. சிக்மாய்டு என்றால் 25 அல்லது 30 செ.மீ. என்று எழுதிவிட்டால் அறிக்கை நிறைவாகத் தோன்றும், யாரும் கேட்கப் போவதுமில்லை. ஆனால் அந்த எண்ணை எவரும் அளக்கவில்லை. அடுத்த மருத்துவர் அதை அளந்த எண்ணாகவே நம்புவார். வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டுவது, குறிப்பை ஒழுங்குபடுத்துபவருடைய வேலையின் ஒரு பகுதி. டப்பா அ பற்றிய வரியும் அப்படித்தான். எங்கள் அறையின் குறையை எங்கள் தாளிலேயே எழுத வேண்டியிருந்தது.

கையொப்பமான அறிக்கையைப் பெற்றுக்கொள்ள நோயாளியும் அவர் மனைவியும் சனிக்கிழமை வந்தார்கள். ஸ்கேன் மைய உறைகளும் மாத்திரைச் சீட்டுகளுமாக ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் தாள்கள் அந்த அம்மாவின் கையில் இருந்தன. நான் மூன்று ஆண்டு என்றதும் அவர் கேட்டார்.

"மூணு வருஷம் கழிச்சுன்னா யாரு டாக்டர் ஞாபகப்படுத்துவாங்க? இங்கேருந்து போன் வருமா?"

வராது. ஐரோப்பியப் பரிந்துரையில் சிறிய அடினோமா உள்ளவர்களை "வழக்கமான பரிசோதனைத் திட்டத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரு வாக்கியம் உண்டு. அங்கே பல நாடுகளில் குறிப்பிட்ட வயதை எட்டியவர்களுக்கு அரசே கடிதம் அனுப்பி அழைக்கும் திட்டம் இருக்கிறது. பெருங்குடல் புற்றுக்கு அப்படி ஊரையே அழைக்கும் திட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே அந்த வாக்கியத்தைச் சென்னை அறிக்கையில் அப்படியே எழுதினால் நோயாளி திரும்பிப் போக ஒரு திட்டமும் இருக்காது. "3 ஆண்டில்" என்ற சொற்களும்கூட, எந்த நாளிலிருந்து என்று தெரியாத ஒருவருக்குப் பயன்படாது. நான் பின்னிணைப்பின் இறுதி வரிக்குக் கீழே அங்கேயே தேதியிட்ட புது வரி சேர்த்து, மாதத்தையும் ஆண்டையும் எழுத்தாலும் எண்ணாலும் எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன்பே இரத்தம் மறுபடி போனாலோ எடை குறைந்தாலோ அந்த மாதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் அதில் சேர்த்தேன்.

பிறகு அவரிடம், "ஐயா, கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். கேட்பதற்குக் காரணம் அந்த 12 மி.மீ.யும் அதன் திசு வகையும்தான். 10 மி.மீ.யோ அதற்கு மேலோ உள்ள அடினோமாவும், விரல்போன்ற நீட்சிகள் கலந்த அடினோமாவும் முற்றிய அடினோமா என்ற வகையில் சேரும். 60 வயதுக்கு முன் ஒருவருக்கு அது கண்டறியப்பட்டால், அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் 40 வயதிலோ, அவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்பது அமெரிக்கப் பணிக்குழு 2017இல் தந்த பரிந்துரை. இவருக்கு 54; பத்தைக் கழித்தால் 44; ஆகவே 40 வயதுதான் கணக்கு. அளவும் திசு வகையும் இல்லாமல் அறிக்கையில் "பெரிய பாலிப்" என்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன், வேறு எவரும் கேட்டிருக்க முடியாது.

"தம்பி ஒருத்தன் இருக்கான் டாக்டர், மீஞ்சூர்ல. நாப்பத்தொன்பது ஆவுது" என்றார்.

பின்னிணைப்பில் இன்னொரு வரி சேர்ந்தது. அதன் நகல் ஒன்றைத் தம்பிக்காகத் தனியே எடுத்து, அந்த அம்மா பையின் மேலாக வைத்துக்கொண்டார்.